ரிசெப்ஷன் வேலைக்கு எண் எங்கே இருக்கிறது: ஒரு சீவியைத் திருத்திய அனுபவம்

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். வரவேற்பாளர், அலுவலக உதவியாளர், தரவு உள்ளீட்டாளர் என்று விளம்பரம் போட்டால் வருகிற சீவிகளை முதலில் பிரிப்பது நான்தான். அநேகமான சீவிகளில் வேலை அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரிகள்தான் இருக்கும்: தொலைபேசி அழைப்புகளுக்குப் பதிலளித்தல், வருகையாளர்களை வரவேற்றல், கோப்புகளைப் பராமரித்தல், தரவு உள்ளீடு செய்தல். எல்லாம் உண்மைதான். ஆனால் நாளுக்குப் பத்துப் பேர் வந்துபோகிற இடத்தில் இருந்தவருக்கும், எழுபது பேர் வரிசையில் நிற்க ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் காசுமாக இருந்தவருக்கும் அந்த வரிகளில் எந்த வித்தியாசமும் தெரியாது. இருவரும் ஒரே அடுக்கில் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வீடு எவ்வளவு தூரம், உயர்தரத்தில் என்ன பெறுபேறு என்று வேறு விஷயங்களை வைத்துத்தான் தெரிவு நடக்கும். கடினமான வேலை பார்த்தவருக்கு இது பெரிய நட்டம்.

என் சின்னம்மாவின் மகள் வெள்ளவத்தையில் ஒரு செனலிங் சென்டரில் ரிசெப்ஷனில் இருக்கிறாள். வேறு இடம் பார்க்கத் தொடங்கியபோது சீவியைக் கொண்டுவந்து காட்டினாள். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சாதாரண தரப் பெறுபேறு ஒரு அட்டவணை, உயர்தரப் பெறுபேறு இன்னொரு அட்டவணை என்று முதல் பக்கம் முடிந்திருந்தது. வேலை அனுபவம் இரண்டாம் பக்கத்தின் நடுவில் நாலு வரி. அதற்குக் கீழே உறவினர் அல்லாத இருவரின் பெயர், கடைசியில் மேற்கூறியவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. நம் ஊரில் வழிவழியாக வருகிற அமைப்பு.

“எண் போடு பிள்ளை” என்றேன்.

“அக்கா, நான் கோல் எடுக்கிறன், ஆக்களைப் பதியிறன், காசு வாங்கிறன். விற்பனை செய்யிற ஆக்கள் எண்டால் இவ்வளவு வித்தனான் எண்டு போடலாம். இதுல என்ன எண் இருக்கு?”

இந்தக் கேள்வியை நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களும் என்னிடம் வேறு வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ரிசெப்ஷனில் யாரும் இலக்கு வைப்பதில்லை, மாத முடிவில் அறிக்கை கேட்பதும் இல்லை. ஆனால் அங்கே கையால் தொடுகிற ஒவ்வொன்றிலும் தொடரிலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டில், வருகையாளர் பதிவேட்டில், கூரியர் புத்தகத்தில், பெட்டி கேஷ் வவுச்சரில், எக்செல் கோப்பின் இடது ஓரத்தில். மாதத்தின் முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் எடுத்துக் கழித்தாலே வேலையின் அளவு கிடைத்துவிடும்.

அவளைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்தே தொடங்கச் சொன்னேன். சாதாரணமான ஒரு மாதத்தில் முதல் சீட்டு 14,206, கடைசிச் சீட்டு 16,077. இரண்டையும் கழித்து ஒன்று கூட்டினால் 1,872 சீட்டுகள். அந்த மாதம் திறந்திருந்தது 26 நாள். ஆகவே நாளுக்கு 72 பேர்.

இந்த 72ஐ அப்படியே சீவியில் எழுதக் கூடாது. அது சென்டரின் எண், அவளுடைய எண் அல்ல. அங்கே காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று இரண்டு பேர். பாதியாகப் பிரிக்கவும் முடியாது, மாலையில்தான் விசேட வைத்தியர்கள் வருவார்கள். நல்ல வேளையாக, சீட்டு எழுதுகிறவர் கார்பன் கொப்பியில் சுருக்கொப்பம் போடுவது அங்கே வழக்கம். மூன்று நாளின் கொப்பியைப் புரட்டி அவளுடைய ஒப்பம் உள்ளவற்றை எண்ணினாள். ஒரு செவ்வாய்க்கிழமை 38, ஒரு சனிக்கிழமை 51, நல்ல மழை பெய்த ஒரு நாள் 31. சராசரி 40. சீவியில் 40 என்று போடவில்லை, ‘நாளுக்கு 30 முதல் 50 வரை’ என்று போட்டோம். வீச்சாக எழுதினால், வேலை கூடுகிற நாளும் குறைகிற நாளும் உண்டு என்பது தெரிந்து எழுதியதாகப் படிக்கிறவருக்கு விளங்கும். தனியே ‘40 நோயாளர்’ என்று இருந்தால் எனக்கே அது குத்துமதிப்பா எண்ணியதா என்ற சந்தேகம் வரும்.

மூன்று நாளைத் தெரிவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒன்று வழமையான நாள், ஒன்று கூட்டமான நாள், ஒன்று மந்தமான நாள். கூட்டமான மூன்று நாளை மட்டும் எடுத்தால் பெரிய எண் வரும். ஆனால் அந்த இடத்தைத் தெரிந்த ஒருவர் நேர்முகத் தேர்வில் இருந்தால் உடனே பிடித்துவிடுவார். கொழும்பில் ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிந்திருப்பார்கள்.

எண்ணிக்கை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். நோயாளர் பெயரோ தொலைபேசி இலக்கமோ உள்ள பக்கத்தைப் படம் எடுக்கக் கூடாது, கோப்பைத் தன் ஈமெயிலுக்கு அனுப்பவும் கூடாது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உடல்நலத் தகவல் அதில் விசேட கவனத்துக்குரிய வகை. சட்டம் ஒருபுறம் இருக்க, பழைய இடத்தின் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறவரை நான் என் கம்பனி ரிசெப்ஷனில் உட்கார வைக்க மாட்டேன். அதேபோல நாளாந்த வசூல் எவ்வளவு என்று எழுதுவதையும் தடுத்தேன். அது முதலாளியின் வருமானம். ‘நாள் முடிவில் காசைச் சீட்டுகளோடு ஒப்பிட்டு ஒப்படைத்தல்’ என்பதும், எத்தனை சீட்டு என்பதும் போதும்.

இதுவரை கிடைத்தது வேலையின் அளவு. அவள் இருந்ததால் ஏதாவது மாறியதா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, மாற்றத்துக்கு முந்திய எண் ஒன்று வேண்டும்.

பேசிக்கொண்டு போனபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. மாலை விசேட வைத்தியர்களுக்குத் தொலைபேசியில் முன்பதிவு செய்துவிட்டு வராமல் விடுபவர்கள் நிறையப் பேர். வைத்தியர் காத்திருப்பார், இலக்கங்கள் குழம்பும், வெளியே நேரில் வந்தவர்கள் சத்தம் போடுவார்கள். இவள்தான் முதல்நாள் பின்னேரம் ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்து ஞாபகப்படுத்தலாம் என்று மேலாளரிடம் சொல்லி, மார்ச் நடுப்பகுதியில் தொடங்கியிருக்கிறாள். இதை அவள் சீவியில் ஒரு சொல்கூட எழுதவில்லை. வேலையின் ஒரு பகுதிதானே என்று நினைத்திருக்கிறாள்.

முன்பதிவுக் கொப்பியில் வராதவர்களின் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு கோடு இருக்கும். அதை எண்ணினால் முன், பின் இரண்டும் கிடைக்கும். எந்த வாரங்களை எண்ணுவது என்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. அவள் முதலில் மார்ச் தொடக்கத்தையும் ஏப்ரலையும் ஒப்பிடப் பார்த்தாள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டிக் கொழும்பில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களில் முன்பதிவும் குறையும், வராமல் விடுவதும் வழமை போல இருக்காது. மே மாதத்தில் வெசாக் விடுமுறை. ஆகவே பெப்ரவரியில் முழுமையான நான்கு வாரம், ஜூனில் முழுமையான நான்கு வாரம் என்று எடுத்தோம். இரண்டிலும் அதே வைத்தியர்கள், அதே கிழமைகள்.

பெப்ரவரியில் 412 முன்பதிவு, வராதவர் 74. நூற்றுக்கு 18. ஜூனில் 436 முன்பதிவு, வராதவர் 48. நூற்றுக்கு 11.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 18இலிருந்து 11க்கு வந்ததை 39 சதவீதக் குறைவு என்றும் சொல்லலாம், 7 புள்ளிக் குறைவு என்றும் சொல்லலாம். இரண்டும் கணக்குப்படி சரி. 39 பெரிதாகத் தெரிவதால் அதையே எழுதத் தோன்றும். தனியே நிற்கிற சதவீதத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, எதிலிருந்து எதற்கு என்பதுதான். பத்துப் பேரில் ஐந்து பேர் குறைந்தாலும் 50 சதவீதம்தான். அதனால் இரண்டு எண்ணையும் அப்படியே வைத்துவிடுவது நல்லது: ‘100க்கு 18இலிருந்து 11’. படிக்கிறவர் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார், எழுதியவர்மேல் நம்பிக்கையும் வரும்.

கோல் எடுத்தது இவள் மட்டுமல்ல, காலை நேரப் பிள்ளையும் எடுத்தாள். ஆகவே ‘முறையைத் தொடங்கி, சக ஊழியரோடு சேர்ந்து நடத்தினேன்’ என்று எழுத வைத்தேன். இவளுக்கு அது தன் பங்கைக் குறைப்பது போலத் தெரிந்தது. உண்மையில் யோசனை யாருடையது, வேலையை யார் யார் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்கிறவர்களின் கதை நேர்முகத் தேர்வில் எத்தனை குறுக்குக் கேள்வி வந்தாலும் நிற்கும்.

அடுத்தது தரவு உள்ளீடு. பழைய நோயாளர் அட்டைகளை எக்செலுக்கு ஏற்றும் வேலையை ஆள் குறைந்த நேரங்களில் செய்து முடித்திருந்தாள். கோப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போனால் 3,200 அட்டை. சீவியில் ‘99% துல்லியம்’ என்று போடலாமா என்று கேட்டாள். சீவிகளில் இந்த 99ஐ நான் அடிக்கடி காண்கிறேன். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. உண்மையாகவே அளந்து பார்க்கலாம் என்று, ஒவ்வொரு 50ஆவது அட்டையையும் எடுத்து, இன்னொருவர் அட்டையை வாசிக்க இவள் திரையைப் பார்த்துச் சரிபார்க்கும்படி சொன்னேன். 64 அட்டை. மூன்றில் பிழை இருந்தது: இரண்டு தொலைபேசி இலக்கம், ஒரு பிறந்த திகதி.

64இல் 61 சரி என்றால் 95 சதவீதம். ஆனால் ஒரு அட்டைக்கு எட்டுக் கட்டம், மொத்தம் 512 கட்டம், அதில் 3 பிழை என்றால் 99.4 சதவீதம். ஒரே வேலை, ஒரே பிழை, எதால் வகுக்கிறோம் என்பதில் எண் மாறுகிறது. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு ‘மாதிரிச் சோதனையில் 512 கட்டங்களில் 3 பிழை, திருத்தப்பட்டது’ என்று எழுதினோம். தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கிறவர் என்ற விஷயம் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது.

இந்த உள்ளீட்டில் அவள் செய்த பெறுமதியான வேலை வேறொன்று. ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருப்பது அங்கே பெரிய தலையிடி. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவோம். சிவகுமார் ஒரு நாள் S-இல் தொடங்குவார், இன்னொரு நாள் Sh-இல் தொடங்குவார். பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடலாம் என்றால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழைய அட்டையோடு ஒரு தடவையும் புதியதோடு ஒரு தடவையும் வந்தவர் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். அவள் அதற்கு எக்செலில் போட்டிருந்தது இதுதான்:

```
=IF(LEN(A2)=10,"19"&LEFT(A2,5)&"0"&MID(A2,6,4),A2)
=COUNTIF(B:B,B2)
```

முதலாவது, A நிரலில் உள்ள இலக்கத்தை B நிரலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது, அந்த இலக்கம் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணுகிறது. 2 அல்லது அதற்குமேல் வருகிற இடத்தைப் பெயர், பிறந்த திகதியோடு பார்த்து உறுதிசெய்துவிட்டு இரண்டு பதிவையும் ஒன்றாக்கினாள். அப்படி 140 இரட்டைப் பதிவு. அடையாள அட்டை இல்லாத சிறுபிள்ளைகளுக்கு இந்த வழி சரிவராது, அவற்றைப் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தை வைத்துக் கையால் பார்த்திருக்கிறாள்.

எனக்கு இந்த 140தான் அந்தச் சீவியிலேயே நல்ல எண். 3,200 என்பது பொறுமையாக இருந்தாள் என்று சொல்கிறது. 140 என்பது தட்டச்சு செய்யும்போது யோசித்தாள் என்று சொல்கிறது. தரவு உள்ளீட்டாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

சீவி ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் வேலை அனுபவம் கடைசியில் இப்படி வந்தது:

‘நாளுக்கு 30 முதல் 50 நோயாளர்களைப் பதிவுசெய்து, கட்டணம் பெற்று, நாள் முடிவில் காசைச் சீட்டுகளோடு ஒப்பிட்டு ஒப்படைத்தேன். முன்பதிவு செய்தவர்களுக்கு முதல்நாள் ஞாபகமூட்டும் கோல் எடுக்கும் முறையைத் தொடங்கி, சக ஊழியரோடு சேர்ந்து நடத்தினேன். வராதவர்கள் 100க்கு 18இலிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். 3,200 நோயாளர் அட்டைகளை எக்செலுக்கு மாற்றி, 140 இரட்டைப் பதிவுகளை இணைத்தேன். மாதிரிச் சோதனையில் 512 கட்டங்களில் 3 பிழை, திருத்தப்பட்டது.’

இந்த மூன்றையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பாடசாலைப் பெறுபேறுகளை ஒவ்வொரு வரியாகச் சுருக்கிக் கீழே இறக்கினோம். கோப்புப் பராமரிப்பு, கூரியர் போன்றவை எண் இல்லாமலே ஒரு வரியில் இருந்தன. எல்லா வரிக்கும் எண் திணித்தால் நல்ல எண்கள் அதற்குள் மறைந்துவிடும்.

அலுவலக நிர்வாக வேலையில் இருப்பவர்களுக்கு முன், பின் என்று காட்ட ஒன்றுமே இல்லாத நிலையும் வரும். ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேலையை ஒழுங்காகவே கொண்டுபோனவர்கள் அவர்கள். என்னுடைய சிநேகிதி ஒருத்தி ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் 35 பேரின் வரவுப் பதிவும், ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக் கொடுப்பனவும் பார்க்கிறாள். சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் அறவிடுவார்கள். அவள் பொறுப்பெடுத்த 36 மாதத்தில் ஒரு மாதமும் பிந்தவில்லை. ‘35 ஊழியர், 36 மாதம், மேலதிகக் கட்டணம் ஒரு தடவையும் இல்லை’ என்பதே அவளுடைய வரி. கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுத் திகதிகளே அதற்குச் சாட்சி. பூச்சியமும் நல்ல எண்தான், எத்தனை மாதத்தில் பூச்சியம் என்று பக்கத்தில் இருந்தால்.

வேலையை விட்டுவிட்டவர்களுக்குப் பதிவேடு கையில் இருக்காது. அவர்கள் இடத்தின் அமைப்பிலிருந்து கணக்கெடுக்கலாம். மூன்று வைத்தியர், ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் 25 இலக்கம் என்றால் 75க்கு மேல் போக வழியில்லை. கூட வேலை செய்தவரிடம் கேட்டு அதைக் கீழே இறக்கி, ‘ஏறத்தாழ’ என்று சேர்த்து எழுதலாம். ஏறத்தாழ என்ற சொல்லை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்ல முடியாத எண்ணை எடுத்துவிடுங்கள்.

அவளுக்கு ஒரு கம்பனியில் நேர்முகத் தேர்வு வந்தபோது அதுதான் நடந்தது. 18, 11 எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சிவப்புக் கோட்டை எண்ணியதையும் ஏப்ரலை ஏன் விட்டாள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு எக்செலில் என்ன தெரியும் என்று பொதுவாகக் கேட்காமல், இரட்டைப் பதிவை எப்படிப் பிடித்தாய் என்று அதிலேயே பேச்சுப் போயிருக்கிறது. இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. சீவியின் அடியில் இருக்கிற இரண்டு பேருக்கும் அந்த மூன்று வரியையும் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். நாங்கள் அவர்களுக்குக் கோல் எடுக்கும்போது ‘நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வராதவர்கள் குறைந்தது உண்மையா என்று நான் கேட்டால் அவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இவள் வேறு இடம் தேடுவது இப்போதைய மேலாளருக்குத் தெரியாது. அதனால் அங்கே முன்பு மேற்பார்வையாளராக இருந்து விலகியவரைக் கேட்டாள். அவர் வரிகளைப் படித்துவிட்டு, கோல் எடுக்கத் தொடங்கியது தன் காலத்தில்தான், அதைத் தாராளமாகச் சொல்கிறேன், அட்டை வேலை மட்டும் தான் போன பிறகு முடிந்தது என்று பதில் அனுப்பினார். ஆகவே அட்டை வேலைக்கு, சரிபார்க்கும்போது வாசித்துக் கொடுத்த தாதியின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டு, இரண்டாவது ஆளாகப் போட்டாள்.